தீபாவளிக்கு எண்ணெய் வைக்காத காது

துபாயில் விமானம் மாறியபோதே மூக்கு அடைத்திருந்தது. லண்டன் குளிரில் பிடித்த சளி, ஊர் வெயில் பட்டால் போய்விடும் என்று நினைத்து மாத்திரை எதுவும் போடாமல் ஏறினேன். சென்னையில் இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது நன்றாகத் தூங்கிவிட்டேன். விழித்தது வலியில்தான். வலது காதுக்குள் யாரோ கோணி ஊசியை மெதுவாக இறக்குவது போல இருந்தது. கொட்டாவி விட்டேன், எச்சில் விழுங்கினேன், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு உள்ளே 'டப்' என்றது. வலி பாதியாகக் குறைந்தது. அப்பாடா, அடைப்பு விட்டது என்று சந்தோஷப்பட்டேன். விட்டது அடைப்பு இல்லை, ஜவ்வு.

காது ஜவ்வுக்குப் பின்னால் காற்று நிறைந்த சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதற்கு மூக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு குழாய் வழி. விமானம் இறங்கும்போது வெளியே காற்றழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நாம் எச்சில் விழுங்கும்போதெல்லாம் அந்தக் குழாய் ஒரு நொடி திறந்து, உள்ளேயும் காற்றை விட்டுச் சமன் செய்யும். சளியில் குழாய் வீங்கியிருந்தால் திறக்காது. தூங்குபவர் விழுங்குவதும் குறைவு. அப்போது ஜவ்வு உள்நோக்கி இழுபட்டு இழுபட்டு ஒரு கட்டத்தில் கிழிகிறது. கிழிந்ததும் அழுத்தம் சமமாகிவிடுவதால்தான் வலி சட்டென்று குறைகிறது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த பாடம்.

விமான நிலையத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை இப்போது ஒரே மெட்ரோவில் வந்துவிடலாம். நான் வெளிநாடு போன காலத்தில் இந்த வசதி கிடையாது. ஆனால் அன்று ரசிக்கிற நிலையில் நான் இல்லை. நிலைய அறிவிப்பெல்லாம் இடது காதில் மட்டும் கேட்டது, வலதில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு முனகல், கூடவே 'ஙொய்' என்று ஓயாத சத்தம். மூக்கைச் சிந்தியபோது காது வழியாக 'ஸ்ஸ்' என்று காற்று போனது. விரலை வைத்துப் பார்த்தால் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், சித்தி குழிக்கரண்டியில் நல்லெண்ணெயும் இரண்டு பல் பூண்டும் போட்டு அடுப்பில் வைத்துவிட்டார். "ரெண்டு சொட்டு வுட்டா சரியாப் பூடும், சும்மா படு." ரத்தம் வந்ததைக் காட்டி ஒருவழியாகத் தப்பித்தேன். மறுநாள் தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். மழைக் காலம், ஒரே காய்ச்சல் கூட்டம். டாக்டர் காதின் வாசலில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அழுக்கு, இன்ஃபெக்ஷன்" என்று ஒரு சொட்டு மருந்து எழுதித் தந்தார். மொத்தம் இரண்டு நிமிடம். குறை சொல்ல மனம் வரவில்லை, வாசலில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்து முதல் சொட்டு விட்டபோதே ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது. ஒருக்களித்துப் படுத்திருந்த எனக்கு, காதில் விட்ட மருந்து தொண்டையில் கசந்தது. கூடவே அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. முழு ஜவ்வு இருந்தால் காதில் விட்டது தொண்டைக்கு வர வழியே இல்லை. பாட்டிலை மூடி வைத்துவிட்டு ஈ.என்.டி. டாக்டரைத் தேடினேன்.

டி.எச். ரோடு பக்கம் ஒரு மாடியில் சாயங்காலம் மட்டும் பார்க்கும் டாக்டரம்மா. டோக்கன் 14, ஃபீஸ் 500 ரூபாய், ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. லண்டனில் முதலில் குடும்ப டாக்டர், பிறகு அவருடைய கடிதம், பிறகு எப்போது வரும் என்று தெரியாத அழைப்பு என்று பழகிப்போன எனக்கு, ஒன்றரை மணி நேரத்தில் காது டாக்டர் முன்னால் உட்கார்ந்தது ஆச்சரியம்தான். மெல்லிய குழாய் கேமராவைக் காதில் வைத்து டிவியில் காட்டினார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுச் சின்னதாக, முத்துச்சிப்பி உள்பக்க நிறத்தில் ஒரு வட்டம். கடிகாரமாக நினைத்தால் 5 மணி இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கிழிசல், ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

"பெருசில்ல, பத்துல ஒரு பங்குகூட இல்ல. சொட்டு மருந்து ஏதாவது விட்டீங்களா?" பாட்டிலைக் கொடுத்தேன். படித்துவிட்டு மேசையின் ஓரமாகத் தள்ளி வைத்தார். அதில் இருந்தது ஜென்டாமைசின். ஜவ்வு முழுசாக இருக்கும்போது அது வெறும் காது மருந்து. ஓட்டை இருக்கும்போது நடுக்காது வழியாக உள்காதுக்கு இறங்கி, கேட்கும் திறனையும் உடம்பின் சமநிலையையும் நிரந்தரமாகக் கெடுக்கக்கூடிய வகை. ஒரு வேளை விட்டதற்குப் பயப்பட வேண்டாம், தொடர வேண்டாம் என்றார். சீழ் வந்தால் அதற்குப் பாதுகாப்பான சொட்டு வேறு இருக்கிறது, சுத்தமாகக் காய்ந்திருக்கும் கிழிசலுக்கு எந்தச் சொட்டும் தேவையில்லை. அப்புறம் அந்தத் தலைசுற்றலுக்குக் காரணம், குளிர்ந்த மருந்து நேராக நடுக்காதில் போய் விழுந்ததாம்.

அடுத்து ஒரு இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, எந்தக் காதில் கேட்கிறது என்றார். வலது காதில் என்றேன், கெட்ட காதில் எப்படி அதிகமாகக் கேட்கும் என்று குழம்பிக்கொண்டே. அதுதான் நல்ல செய்தியாம். வெளிச்சத்தம் வரும் பாதையில் மட்டும் தடை இருந்தால், எலும்பு வழியாக வரும் சத்தம் அந்தக் காதில் கூடுதலாகக் கேட்கும். நரம்பு அடிபட்டிருந்தால் நல்ல காதுப் பக்கம் போயிருக்கும். பக்கத்து அறையில் கேட்புச் சோதனையும் எடுத்தார்கள். தெருவில் பையன்கள் சரவெடி கொளுத்தியதால் பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து. முடிவில் வலது காதில் கேட்பு லேசாகத்தான் குறைந்திருந்தது. இந்த அளவு கிழிசலுக்கு அது பொருந்துகிறது. மிக அதிகமாகக் குறைந்திருந்தால் உள்ளே இருக்கும் குட்டி எலும்புகள் நகர்ந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டுமாம்.

வெடிச் சத்தத்தைக் கேட்டதும் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "அடுத்த வாரம் பாருங்க, பட்டாசு கேஸா வரும்." அவரிடம் வரும் மற்ற கிழிந்த ஜவ்வுகளில் கன்னத்தில் வாங்கிய அறை நிறைய. அடிப்பவர் பெரும்பாலும் வலதுகைக்காரர் என்பதால் இடது காதுதான் போகுமாம். பட்ஸ், ஹேர்பின், சாவி விட்டுக் குடைபவர்கள் ஒரு கூட்டம். சளி முற்றி உள்ளே சீழ் கட்டி, ஜவ்வைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவது குழந்தைகளுக்கு. இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வெல்டிங் பொறி தெறித்து வருபவர்கள்தான் அவருக்குக் கவலை. பொறி ஓரத்தையே கருக்கிவிடுவதால் அது சுலபத்தில் மூடாது.

என்னுடையது தானாக மூடும் வகை. ஓரத்துத் தோல் தினம் கொஞ்சமாக வளர்ந்து வந்து சேர்ந்துகொள்ளும். சின்னக் கிழிசலுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம், பெரும்பாலானவை மூன்று மாதத்துக்குள் மூடிவிடும். அதற்கு மேலும் திறந்திருந்தால், காதுக்கு மேலே இருக்கும் தசையின் உறையில் ஒரு துண்டு எடுத்து ஒட்டுப்போடும் அறுவை சிகிச்சை. அதுவரை வேலை ஒன்றுதான்: காது நனையக் கூடாது. தண்ணீரோடு கிருமி போனால் சீழ் பிடிக்கும், சீழ் பிடித்தால் மூடுவது தள்ளிப்போகும். சோப்புத் தண்ணீர் இன்னும் மோசம், வெறும் தண்ணீர் தயங்கி நிற்கும் சின்ன ஓட்டையிலும் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

காது நனையாமல் தீபாவளியா? ஐப்பசி மழையில், விடிகாலை நாலு மணிக்கு எண்ணெயோடு தயாராக நிற்கும் அம்மாவிடம் இதைச் சொல்வதற்கே தைரியம் வேண்டும். கடைசியில் ஒரு சமரசம். உச்சந்தலையில் மூன்று பொட்டு எண்ணெய், அவ்வளவுதான். நான் முக்காலியில் உட்கார்ந்து தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொள்ள, அம்மா இடப்பக்கத்திலிருந்து மட்டும் சொம்பால் ஊற்றினார். மற்ற நாட்களில் கழுத்துக்குக் கீழே மட்டும் குளியல்.

பஞ்சு வைப்பதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்களாம், முதல் நாள் நானும் செய்தேன். வெறும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சிக் காதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், எதுவும் வைக்காமல் இருப்பதே மேல். நெல்லிக்காய் அளவு பஞ்சை உருட்டி, வெளிப்பக்கம் முழுவதும் வாசலினைத் தடவி, அது பளபளவென்று ஆன பிறகு காதின் கிண்ணத்தில் வைத்து மூட வேண்டும். துளைக்குள் திணிக்கக் கூடாது. குளித்து முடித்துத் தலை துவட்டியதும் எடுத்துத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். நாள் முழுக்க அடைத்து வைத்தால் உள்ளே வேர்த்து ஈரமாகும். எடுக்கும்போது உள்பக்கப் பஞ்சு காய்ந்திருந்தால் சரியாக வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

மூக்கைச் சிந்தவும் தடை, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இல்லையென்றால் உள்ளிருந்து வரும் காற்று ஒட்டுகிற ஓரத்தைப் பிரித்துவிடும். காதில் நாற்றத்தோடு ஏதாவது வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தலை சுற்றல் நிற்காவிட்டாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ அன்றைக்கே வரச் சொல்லியிருந்தார். எதுவும் வரவில்லை. எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போய் மழையில் மாட்டிக்கொண்டபோது மட்டும், துணிக்கடை பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடினேன். கடைக்காரப் பையன் "இன்னா அண்ணே, ஹெல்மெட்டா?" என்றான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, 24-ஆம் நாள், மறுபடி காட்டினேன். ஓட்டை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. விமானத்தில் ஏறலாமா என்பதுதான் என் பயம். ஓட்டை திறந்திருந்தால் காற்று இரு பக்கமும் போய்வரும், அதனால் வலிக்கவே வலிக்காது என்றார். பயப்பட வேண்டியது மூடிய பிறகுதான், அதுவும் சளி இருந்தால். புது ஜவ்வில் நடு அடுக்கு சரியாக வளராமல் மெல்லிசாகவே இருந்துவிடுவது உண்டு. அடுத்த முறை சளியோடு பறக்க வேண்டி வந்தால், இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி முன்பு மூக்கடைப்புச் சொட்டு மருந்து, அப்புறம் தூங்காமல் மிட்டாய் சப்புவது. முடிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னார்.

லண்டனில் பத்தாவது வாரம் பார்த்தபோது மூடியிருந்தது. இரைச்சல் போய்விட்டது. அந்த 5 மணி இடம் மட்டும் ஈரமான வெங்காயத் தோல் மாதிரி தெரிகிறதாம். அன்று ராத்திரி போனில் சொன்னதும் அம்மா கேட்டது: "அப்போ இந்த சனிக்கிழமை எண்ணெ தேய்ச்சுக்கலாம் இல்ல?"