ஆங்கிலத்தில் கேட்டால் தமிழ்ப் பக்கம் வருமா? சங்க மலர்களில் இரண்டு ஆண்டுத் தேடல்

சிங்கப்பூரில் எங்கள் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்கள் மொத்தம் மூவாயிரம் பக்கம் போல இருக்கும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, எழுத்துணரி மூலம் உரையாக்கி வைத்திருக்கிறோம். தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் பேரப்பிள்ளைகள். தமிழை வாசித்துவிடுவார்கள், தட்டுவது ஆங்கிலத்தில்தான். அதனால் ஆங்கிலக் கேள்விக்குத் தமிழ்ப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டியிருந்தது.

முதல் ஆண்டு எளிய வழியில் போனேன். கேள்வியை இயந்திரம் தமிழாக்கும், அந்தத் தமிழ்ச் சொற்களை வைத்து வழக்கமான சொல் தேடல் நடக்கும். ஒருநாள் ஒரு மாணவி வந்தார். "அங்கிள், எங்க பாட்டி புக்கித் தீமா பக்கம் கம்பத்துல இருந்தாங்களாம். வீவக வீட்டுக்கு மாறுனதப் பத்தி மலர்ல ஏதாச்சும் இருக்கா?" கேட்டது தமிழில், தட்டியது `moving from kampong to HDB flat` என்று. ஒன்றுமே வரவில்லை. ஆனால் அப்படி ஒரு கட்டுரை இருப்பது எனக்குத் தெரியும், நானே சரிபார்த்த பக்கம்.

இயந்திரம் கேள்வியை "கிராமத்திலிருந்து பிளாட்டுக்கு மாறுதல்" என்று ஆக்கியிருந்தது. மலரிலோ "கம்பத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வீவக வீட்டுக்கு வந்தோம்" என்றிருக்கிறது. இங்கே நமக்குக் கம்பம் என்றால் பழைய குடியிருப்பு. தமிழ்நாட்டு எழுத்தில் பழகிய இயந்திரத்துக்கு அது கொடிக்கம்பம், விளக்குக் கம்பம். அதே பக்கத்தைத் திருப்பி ஆங்கிலமாக்கிப் பார்த்தேன். "pole house" என்று வந்தது. எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடிக்க இந்தத் திருப்பி மொழிபெயர்க்கும் சோதனைதான் இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது. இன்னொன்றும் உண்டு: "கம்பம்" என்று சரியாகவே மொழிபெயர்த்திருந்தாலும் பக்கத்தில் இருப்பது கம்பத்து, கம்பத்தில், கம்பத்திலிருந்து. வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்காத தேடலுக்கு இவை எல்லாம் வேறு வேறு சொற்கள்.

அடுத்து multilingual-e5-large மாடலுக்கு மாறினேன். இது கேள்வியையும் பக்கத்தையும் தனித்தனியே 1024 எண்கள் கொண்ட வரிசையாக மாற்றி, எது எதற்கு நெருக்கம் என்று பார்க்கிறது. நடுவில் மொழிபெயர்ப்பே இல்லை. அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது அந்தக் கட்டுரை மூன்றாவதாக வந்தது. "கம்பம்" என்ற சொல் தனியாக அதற்குப் புரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பக்கத்தில் இருந்த அத்தாப்புக் கூரை, பொதுக் கிணறு, இழப்பீட்டுப் பணம், பத்தாவது மாடி ஆகியவை சேர்ந்து இழுத்து வந்திருக்கின்றன.

இந்த மாடலுக்கு முன்னொட்டு கட்டாயம். கேள்வி, மலர்ப் பக்கம் இரண்டையும் இப்படிக் கொடுக்க வேண்டும்:

```
query: moving from kampong to HDB flat
passage: கம்பத்து வீட்டைக் காலி செய்துவிட்டு...
```

முன்னொட்டு விட்டுப்போனாலும் முடிவுகள் வரும், தரம்தான் குறையும். அதைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது நீளம். ஒரு முறைக்கு 512 துண்டுகள் வரைதான் மாடல் படிக்கும். தமிழ்ச் சொல் ஒன்று பல துண்டுகளாக உடைவதால் மலரின் ஒரு முழுப் பக்கம் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. தாண்டிய பகுதி சத்தமில்லாமல் வெட்டப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. பத்துப் பக்கங்களின் கடைசி வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தேடிப் பார்த்தபோது ஏழு பக்கங்கள் முதல் இருபதுக்குள்கூட வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் 120 சொல் அளவில் பிரித்து, முந்தைய பகுதியின் கடைசி இரண்டு வாக்கியங்களை அடுத்ததிலும் சேர்த்தேன். அதே சோதனையில் பத்தும் வந்தன.

ஊர்ப்பெயர் என்று வந்தால் இந்த முறை நம்பத்தக்கதல்ல. `Toa Payoh` என்று கேட்டால் அங் மோ கியோ பக்கங்களும் கலந்து வருகின்றன. மாடலுக்கு இரண்டும் குடியிருப்புப் பேட்டை, அவ்வளவுதான். அதனால் பெயர்களுக்குப் பழைய சொல் தேடலையே வைத்துக்கொண்டேன். தோ பாயோ, தோபாயோ, டோ பாயோ; சிராங்கூன், சிரங்கூன், செரங்கூன் என்று மலர்களில் கண்ட எழுத்துக்கூட்டல்களை எல்லாம் கையால் பட்டியலிட்டேன். கம்பமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இரண்டு தேடலின் முடிவுகளையும் மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்க முடியாது. e5 தரும் எண்கள் பெரும்பாலும் 0.7க்கு மேலேயே நெருங்கிக் கிடக்கும். சம்பந்தமில்லாத பக்கம்கூட 0.78 வாங்கும். ஆகவே வரிசை எண்ணை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பட்டியலிலும் `1/(60 + rank)` கணக்கிட்டுக் கூட்டுகிறேன். கம்பத்துக் கட்டுரை இப்போது முதலில் நிற்கிறது.

எழுத்துணரி ஓரிரு எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால் மாடல் சமாளித்துக்கொள்கிறது. மை பரவிய பழைய மலர்களில் வரி வரியாகச் சிதைந்த பக்கங்களுக்கு எந்தத் தேடலும் உதவவில்லை. அப்படி நாற்பது பக்கம் போல மிச்சமிருக்கிறது. சனிக்கிழமைகளில் உட்கார்ந்து கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.