ஏழு வருட ஸ்விஃப்ட்: உண்மையில் எவ்வளவு போச்சு?

2018 அக்டோபரில் திருச்சியில் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் எடுத்தேன். போன நவம்பரில் விற்றேன். ஓடியது 62,000 கிலோமீட்டர். வண்டி ஓட்டின அனுபவத்தை எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல வண்டி, அவ்வளவுதான். விற்கிற நேரத்தில் "ஏழு வருஷத்துல எவ்வளவு நஷ்டம்?" என்று மனைவி கேட்டதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பழைய ஃபைலையும் கையில் இருந்த கொட்டேஷன்களையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். முதலில் போட்ட கணக்கு தப்பு. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

முதல் கணக்கு எல்லாரும் போடுவதுதான். ஆன்ரோடு 7,12,000 கொடுத்தேன், இப்போது 3,60,000 வருகிறது, ஆக மூன்றரை லட்சம் போச்சு. இதில் என்ன தப்பு என்பது இன்வாய்ஸைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். எக்ஸ் ஷோரூம் விலையில் தள்ளுபடி போக வண்டிக்கு மட்டும் நான் கொடுத்தது 5,90,000. ஆயுள் வரி 60,500. பதிவுச் செலவு 4,000. மீதியெல்லாம் இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, சீட் கவர், மேட், டெஃப்லான் கோட்டிங்.

இந்த மீதி 57,500 ரூபாய் வண்டியின் மதிப்பு இறங்கியதால் போன பணம் இல்லை. இன்சூரன்ஸ் அந்தந்த வருடத்தோடு தீர்ந்துவிட்டது. வாரண்டியும் காலாவதியாகிவிட்டது. சீட் கவருக்கு எந்தக் கடைக்காரரும் ஒரு ரூபாய்கூட ஏற்றிக் கொடுக்க மாட்டார். இவை பெட்ரோல் மாதிரி, ஓட்டின செலவு. மதிப்பிறக்கத்தில் சேர்த்தால் அதே ரூபாயை இரண்டு இடத்தில் எண்ணிவிடுவோம், ஏனென்றால் இன்சூரன்ஸைச் செலவுக் கணக்கில் ஏற்கெனவே எழுதியிருப்போம்.

ஆயுள் வரியை மட்டும் நான் கழிக்கவில்லை. சிலர் அதையும் கழித்துவிட்டு எக்ஸ் ஷோரூமிலிருந்து கணக்குப் போடுவார்கள். ஆனால் தமிழ்நாட்டுக்குள் விற்கும்போது அந்த வரி வண்டியோடேயே போகிறது, வாங்குகிறவர் மறுபடி கட்டுவதில்லை. அவர் கொடுக்கிற விலையில் அதுவும் அடக்கம். அதனால் என் அடிப்படைத் தொகை 5,90,000, 60,500, 4,000 மூன்றும் சேர்ந்த 6,54,500. வெளி மாநிலத்துக்கு வண்டியை விற்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்த சிக்கல் விற்கிற விலை. என்னிடம் மூன்று கொட்டேஷன் இருந்தன. மூன்றும் வேறு வேறு பாஷை பேசின.

ஆன்லைனில் பழைய கார் வாங்கும் ஒரு நிறுவனத்தின் ஆப் முதலில் நாலு லட்சத்தை ஒட்டிக் காட்டியது. வீட்டுக்கு ஆள் வந்து பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டரை ஒவ்வொரு பேனலிலும் வைத்தார். இடது முன் கதவு மறுபெயின்ட் என்று தெரிந்தது. (2020-ல் தில்லைநகரில் ஒரு ஆட்டோக்காரர் செய்த உபயம்.) மாலையில் 3,42,000, ராத்திரி பத்து மணி வரைதான் இந்த விலை என்று மெசேஜ். ஆப்பில் முதலில் தெரிகிற எண்ணைக் கணக்கில் எடுக்கவே கூடாது. பரிசோதனைக்குப் பிறகு வருவதுதான் கொட்டேஷன்.

புது வண்டி ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு 3,75,000 சொன்னார்கள். கேட்க இனித்தது. தாளில் எழுதித் தாருங்கள் என்றபோதுதான் அது 3,45,000 வண்டிக்கு, 30,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று பிரிந்தது. அந்த முப்பதாயிரம் பழைய வண்டியின் மதிப்பு இல்லை, புது வண்டியின் தள்ளுபடி. அதைப் பழைய வண்டிக் கணக்கில் சேர்த்தால் நஷ்டம் குறைந்த மாதிரித் தெரியும், ஆனால் புது வண்டிக்கு அதிகம் கொடுத்த மாதிரி ஆகும்.

மூன்றாவது, பைபாஸில் இருக்கும் ஒரு கார் கன்சல்டிங். 3,60,000, கையில் ரொக்கமாக இல்லாமல் அக்கவுண்ட்டில். இவரிடம்தான் விற்றேன். விலையை அவர் எப்படிப் போட்டார் என்று கேட்டேன், மறைக்காமல் சொன்னார்.

"சார், நான் எவ்வளவுக்கு விப்பேன்னு மொதல்ல பாப்பேன். உங்க வண்டி ஒத்த ஓனர், நாலு பதினஞ்சுக்குப் போகும். அதுல இருந்து பின்னால வருவேன்."

பின்னால் வந்த வழி இது. நாலு டயரும் தேய்ந்திருந்தன, மாற்ற 16,000. பம்பர் டச்சப், பாலிஷ், உள்ளே கிளீனிங் என்று 8,000. பெயர் மாற்றமும் ஆள் கூட்டி வரும் புரோக்கர் கமிஷனும் 6,000. மிச்சம் 25,000 அவருக்கு. அதிலும் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள 55,000 வித்தியாசத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது வரியையும் உள்ளடக்கிய தொகை என்பதால் கிட்டத்தட்ட 8,400 போய்விடும். டயருக்குச் செலவழித்தேன் என்று அந்த வித்தியாசத்தில் கழிக்க முடியாது. கடை வாடகைக்கும் வண்டி நிற்கும் நாட்களின் வட்டிக்கும் அவர் கையில் நிற்பது பதினாறாயிரத்துச் சொச்சம். இதைக் கேட்ட பிறகு நாலு லட்சம் கொடுங்கள் என்று பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கொட்டேஷன் எனக்கு நம்பகமாகப் பட்டதற்குக் காரணம் அதுதான். பின்னாலிருந்து பிரித்துக் காட்ட முடிகிற விலைக்கு ஆதாரம் இருக்கிறது. கன்சல்டிங் கடைகளின் விளம்பரத்தில் போட்டிருக்கும் 4,35,000 மாதிரி எண்களைப் பார்த்துவிட்டு "என் வண்டியும் அவ்வளவு போகும்" என்று நினைப்பவர்கள் உண்டு. அது கேட்கிற விலை. கொடுக்கிற விலை அங்கிருந்து ஐம்பது, எழுபதாயிரம் கீழேதான் நிற்கும்.

இப்போது கணக்கு: 6,54,500-இல் 3,60,000 போனால் 2,94,500. கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 75 காசு. பெட்ரோலுக்கு ஆகிற செலவை ஒட்டி வருகிறது, ஆனால் பங்க்கில் யாரும் இதற்குப் பில் தருவதில்லை. வருடச் சதவீதம் வேண்டுமானால் ஷீட்டில் இப்படிப் போடலாம்:

```
=1-(360000/654500)^(1/7)
```

8.2 சதவீதம் வரும். இதோடு நிறுத்தியிருந்தால் "வருஷத்துக்கு எட்டு சதவீதம்" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் என்னிடம் இடையில் வாங்கிய இரண்டு விலைகளும் இருந்தன. அவற்றைச் செருகியதும் சராசரி எதையெல்லாம் மூடி மறைக்கிறது என்று தெரிந்தது.

2021 அக்டோபரில், மூன்று வயதில், ஒரு கடையில் 4,75,000 சொன்னார்கள். அதாவது முதல் மூன்று வருடத்திலேயே 1,79,500 போய்விட்டது, வருடத்துக்கு அறுபதாயிரம். 2025 ஜூலையில் இதே கன்சல்டிங்காரர் 3,95,000 சொன்னார். இடைப்பட்ட மூன்றே முக்கால் வருடத்தில் இறங்கியது வெறும் 80,000, வருடத்துக்கு இருபத்தோராயிரம்தான். வண்டி ஒன்றும் திடீரென்று இளமையாகிவிடவில்லை. 2021-ல் சிப் தட்டுப்பாட்டால் புது வண்டி கிடைக்க மாதக்கணக்கில் ஆனது, அப்புறம் புது வண்டி விலையும் ஏறிக்கொண்டே போனது. பழைய வண்டி அதைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றது.

கயிறு அறுந்தது போன வருடம். ஆகஸ்ட் 15 உரையில் பிரதமர் ஜிஎஸ்டி குறையும் என்றதுமே வாங்குகிறவர்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். செப்டம்பர் 22-லிருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு, செஸ்ஸையும் சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. 129 ரூபாய்க்கு விற்றது 118 ரூபாய்க்கு வந்தால் எட்டரை சதவீத இறக்கம். என் வண்டியின் புது மாடல் ஏழு லட்சத்துச் சொச்சம், அதில் அறுபதாயிரத்துக்கு மேல் குறைந்தது. நவம்பரில் நான் போனபோது அதே கடைக்காரர், அதே வண்டி, நாலு மாதம்தான் ஆகியிருந்தது, 35,000 குறைத்துச் சொன்னார். எட்டரை சதவீதத்தை 3,95,000-க்குப் போட்டுப் பாருங்கள், 33,500 வருகிறது. ஏறக்குறைய முழு வரிக்குறைப்பும் என் வண்டியின் தலையில் இறங்கிவிட்டது.

ஆகவே 2,94,500-இல் 35,000 வயதாலோ ஓட்டத்தாலோ போனது இல்லை. அதை நான் தனி வரியில் எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த வண்டிக்கு முன்கூட்டியே மதிப்பிடும்போது இதை வருடச் சதவீதத்துக்குள் கலந்தால் தப்பான எண் வரும். ஜூலையில் விற்றிருக்கலாமே என்று மனைவி கேட்டாள். விற்றிருந்தால் புது வண்டியையும் பழைய வரியில் வாங்கியிருப்போம், அதில் இதைவிட அதிகம் போயிருக்கும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டியின் மதிப்பு என்று போட்டிருக்கும் ஐடிவியையே விற்பனை மதிப்பாக எடுக்கலாமா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். வேண்டாம். ஐடிவிக்கு வைத்திருக்கும் தேய்மான அட்டவணைப்படி நாலு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். என் வண்டிக்கு ஏழு வயதிலும் சந்தை 45 சதவீதம்தான் கழித்தது. ஐந்து வருடத்துக்கு மேல் ஐடிவி கம்பெனியும் நாமும் பேசி வைத்துக்கொள்கிற தொகை. விற்கும்போது வாங்குகிறவர் அதைக் காட்டிப் பேரம் பேசுவார், சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகலாம்.

எக்ஸ்சேஞ்ச் போனஸைப் பற்றி ஒன்று பாக்கி. பழைய வண்டியை வெளியில் விற்றாலும், வாங்கியவர் பெயருக்கு மாறின ஆர்.சி. நகலைக் கொடுத்தால் போனஸ் தருவீர்களா என்று ஷோரூமில் கேட்டேன். மேனேஜரிடம் போய்வந்து சரி என்றார்கள். புக்கிங் படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். அதனால் வெளியில் 3,60,000-ம் கிடைத்தது, போனஸ் 30,000-ம் கிடைத்தது. அவர்களிடமே கொடுத்திருந்தால் 15,000 குறைவு. ஆனால் ஆர்.சி. மாறி வர ஐம்பது நாள் ஆனது. கன்சல்டிங்காரர்கள் அடுத்த ஆளுக்கு விற்றுவிட்டு நேரடியாக அவர் பெயருக்கு மாற்றத்தான் விரும்புவார்கள், அவசரப்பட மாட்டார்கள். போனஸுக்குக் கெடு வைக்கும் ஷோரூமாக இருந்தால் இந்த வழி கைகொடுக்காது.

புது வண்டியின் இன்வாய்ஸை வந்த அன்றே இதே மாதிரி பிரித்து எழுதிவிட்டேன். 2018-ல் ஆயுள் வரி 10 சதவீதம் கட்டினேன். இப்போது ஐந்திலிருந்து பத்து லட்சம் வரைக்கும் 13. எக்ஸ் ஷோரூம் 8,40,000, வரி மட்டும் 1,09,200.