தீவனக் கடையில் மறு ஆர்டர் புள்ளி: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் நாங்கள் நடத்தும் மாட்டுத் தீவனக் கடையில், கலப்புத் தீவன மூட்டை எத்தனையாகக் குறையும்போது ஆலைக்கு அடுத்த ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கிட்டே முடிவு செய்து வருகிறோம். அந்த எண்ணிக்கைக்குத்தான் மறு ஆர்டர் புள்ளி என்று பெயர். ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து லோடு வந்து இறங்கும் வரை விற்கக்கூடிய அளவும், கணக்கு பிசகினால் தாங்குவதற்கான பாதுகாப்பு இருப்பும் சேர்ந்ததே அது.

முதல் பகுதி எளிது. எங்கள் கடையில் நாளொன்றுக்குச் சராசரியாக 12 மூட்டை விற்கிறது. சரக்கு வந்து சேரச் சராசரியாக 5 நாள் ஆகிறது. ஆகவே 60 மூட்டை. இந்தச் சராசரியை எடுக்கும்போது, கடையில் தீவனமே இல்லாதிருந்த நாட்களைச் சேர்க்கக் கூடாது. அந்த நாட்களில் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகியிருந்தாலும் தேவை பூஜ்யமாக இருந்ததில்லை. அதேபோல், பெரிய பால் பண்ணை ஒன்று எப்போதாவது ஒரே நாளில் எடுத்துச் செல்லும் 40 மூட்டையையும் நாங்கள் சேர்ப்பதில்லை. அதை முன்கூட்டியே சொல்லச் செய்து தனி ஆர்டராகவே வரவழைக்கிறோம். ஆலை சொல்லும் 'மூன்று நாள்' என்ற கணக்கும் உதவாது. நாம் போன் செய்த நாளிலிருந்து மூட்டை குடோனில் அடுக்கப்படும் நாள் வரை, இடையில் வரும் ஞாயிறு உட்பட, நம் நோட்டில் உள்ளதே உண்மையான வரவுக் காலம்.

பாதுகாப்பு இருப்பில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். பலர் சொல்லும் எளிய வழி, அதிகபட்ச விற்பனையை அதிகபட்ச நாட்களால் பெருக்கி, அதிலிருந்து சராசரியைக் கழிப்பது. எங்கள் அதிகபட்சம் 18 மூட்டை, 8 நாள் என்பதால் 144 வருகிறது. 60 போக 84 மூட்டை. அதாவது ஏழு நாள் விற்பனை சும்மா கிடக்கும். தீவனம் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை நச்சு பாலிலும் இறங்கும் என்பதால், தேவைக்கு மேல் அடுக்கி வைப்பது எங்களுக்குப் பாதுகாப்பே அன்று.

ஆகவே திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவைக் கொண்டு கணக்கிடுகிறோம். எக்செல்லில் STDEV.S அதைத் தந்துவிடும். எங்களுக்குத் தினசரி விற்பனையின் விலக்கம் 4 மூட்டை, வரவுக் காலத்தின் விலக்கம் 1 நாள். B1 முதல் B4 வரை முறையே 12, 5, 4, 1 என்று இட்டால் சூத்திரம் இதுதான்:

```
=ROUNDUP(B1*B2+1.65*SQRT(B2*B3^2+B1^2*B4^2),0)
```

இதில் 1.65 என்பது, நூறு முறை ஆர்டர் கொடுத்தால் ஏறத்தாழ 95 முறை லோடு வரும் வரை சரக்கு தீராது என்பதற்கான எண். வர்க்கமூலத்துக்குள் விற்பனை ஏற்ற இறக்கத்தின் பங்கு 80, ஆலையின் தாமதத்தின் பங்கு 144; கூட்டினால் 224, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 15. அதை 1.65 ஆல் பெருக்கினால் 25 மூட்டை பாதுகாப்பு இருப்பு. மறு ஆர்டர் புள்ளி 85. நூற்றுக்கு 99 முறை வேண்டுமென்றால் 1.65க்குப் பதில் 2.33 இட வேண்டும், இன்னும் பத்து மூட்டை கூடும். பூஞ்சையை நினைத்து 95இலேயே நிற்கிறோம்.

அந்த 80, 144 என்ற இரண்டு எண்களையும் கவனியுங்கள். எங்கள் இருப்பைப் பெருக்குவது வாடிக்கையாளர்கள் அல்லர், ஒரு நாள் முன்னும் பின்னுமாக வரும் லாரிதான். லாரி சொன்ன நாளில் தவறாமல் வருமானால் பாதுகாப்பு இருப்பு 15 மூட்டையாகக் குறைந்துவிடும். இது தெரிந்த பிறகு, ஆலையிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதைவிட, லோடு ஏற்றும் கிழமையை நிலையாக்கித் தரச் சொல்லிப் பேசுவதே எனக்கு ஆதாயமாகத் தோன்றியது.

கடைப்பையன்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இருப்பு 85க்கு வந்ததும் 150 மூட்டைக்கு ஆர்டர் போய்விட்டது. மறுநாள் எண்ணினால் 73. புள்ளிக்குக் கீழே இருக்கிறதே என்று மீண்டும் ஆர்டர் கொடுத்தால் குடோன் நிரம்பி வழியும். ஒப்பிட வேண்டியது குடோனில் உள்ள 73ஐ மட்டும் அன்று, வரவேண்டிய 150ஐயும் சேர்த்த 223ஐ. மேலும், இந்தப் புள்ளி தினமும் இருப்பு பார்ப்பவருக்கானது. வாரம் ஒருமுறைதான் எண்ணுவோம் என்றால், அந்த ஏழு நாளையும் வரவுக் காலத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த எண் ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. மழைக்குப் பின் பசுந்தீவனம் கிடைக்கும் மாதங்களில் எங்கள் விற்பனை குறையும், கோடையில் ஏறும். சராசரி 16 ஆகும்போது, மற்றவை மாறாதிருந்தாலும், அதே சூத்திரம் 111 என்று காட்டுகிறது. கோடையிலும் பழைய 85ஐயே வைத்திருந்தால், லோடு வரும் வரை விற்கக்கூடிய 80 போக ஐந்து மூட்டைதான் பாதுகாப்பாக மிஞ்சும் என்பதால், மார்ச் தொடக்கத்திலேயே B1ஐ மாற்றிவிடுகிறோம்.