புது வால்வு என்று பில் போட்டு, பழைய பந்தையே மாட்டிச் சென்ற பிளம்பர்

எங்கள் வீட்டுச் சம்பில் பால் வால்வை மாற்றுவதாகச் சொல்லி 1,850 ரூபாய் வாங்கிக்கொண்ட ஒருவர், பழுதான பாகத்தை மட்டும் மாற்றாமல் போனார். அந்த வால்வு வேலை செய்யும் விதம் முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பணம் போயிருக்காது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

தெருக் குழாயில் மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்து விடியும்வரை ஓடும். சம்பு நிறைந்ததும் வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு மட்டும், மேலே உள்ள வழிகுழாயிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கி, விடிவதற்குள் வாசல் ஈரமாகிவிடும். மாலையில் எத்தனை முறை பார்த்தாலும் சொட்டு இருக்காது.

முதல் முறை வந்தவர் பந்தைத் தாங்கும் கம்பியைக் கீழ்நோக்கிச் சற்று வளைத்துவிட்டு 350 ரூபாய் வாங்கினார். நான்கு நாள் சரியாக இருந்தது. இரண்டாம் முறை, "வால்வே போயிடுச்சு சார், முழு செட் மாத்தணும்" என்று 1,500 ரூபாய்க்கு மாற்றினார். அன்றிரவே மீண்டும் வழிந்தது. மூன்றாம் முறை, தெருவில் அழுத்தம் அதிகம், சென்சாரும் மின்சார வால்வும் வைத்தால்தான் தீரும், 6,500 ரூபாய் ஆகும் என்றார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

சென்சார் செய்யும் வேலையை அந்தப் பந்து ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. நீர்மட்டம் ஏறினால் பந்து ஏறுகிறது. பந்தைத் தாங்கும் கம்பி நெம்புகோலாக இருந்து, மறுமுனையில் உள்ள ரப்பர் வாஷரைக் குழாயின் வாயில் அழுத்துகிறது. வரும் நீர் குறைகிறது. மட்டம் ஏறும் வேகமும் குறைகிறது. நீரைப் பயன்படுத்தி மட்டம் இறங்கினால் இதே சங்கிலி திரும்பி ஓடி, வால்வைத் திறக்கிறது. விளைவு தன் காரணத்தையே திரும்ப வந்து கட்டுப்படுத்தும் இத்தகைய அமைப்பைத்தான் பின்னூட்டம் என்கிறார்கள்; ஏற்றத்தைத் தணிக்கும் திசையில் செயல்படுவதால் இது எதிர்மறைப் பின்னூட்டம். எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கம்பியின் வளைவு தீர்மானிக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வால்வுக்கு நீர்மட்டம் தெரியாது, பந்து மேலே தள்ளும் விசை மட்டுமே தெரியும். எங்கள் பந்தின் விட்டம் 4.5 அங்குலம், அதாவது அதன் கொள்ளளவு ஏறத்தாழ 775 மில்லி. முழுவதும் மூழ்கினால் 775 கிராம் நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். பந்தின் எடை 150 கிராமைக் கழித்தால் 625 கிராம் மிஞ்சும். நெம்புகோல் அதைப் பன்னிரண்டு மடங்காக்குவதால், வாஷரில் ஏழரைக் கிலோ விசை கிடைக்கும்.

எதிர்ப்பக்கம் குழாய் வாயின் விட்டம் 12 மில்லிமீட்டர். நண்பரிடம் இரவல் வாங்கிய பிரஷர் கேஜை மீட்டருக்கு அருகில் மாட்டிப் பார்த்தேன். எல்லா வீடுகளும் நீர் பிடிக்கும் மாலையில் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ காட்டியது; மற்றவர்களின் சம்புகள் நிறைந்துவிட்ட நள்ளிரவில் இரண்டு கிலோ காட்டியது. கணக்கிட்டால், மாலையில் வாஷரைத் தள்ளும் விசை 0.57 கிலோ, நள்ளிரவில் 2.26 கிலோ. நல்ல பந்துக்கு இரண்டும் பொருட்டே இல்லை.

பிறகு பந்தைக் கழற்றிக் குலுக்கினேன். உள்ளே தண்ணீர் தளும்பியது. இரு அரைக்கோளங்களை ஒட்டிய விளிம்பில் மயிரிழை அளவு விரிசல். துளையிட்டு அளவுக் குவளையில் கொட்டியபோது 450 மில்லி வந்தது. அந்த எடையையும் கழித்தால் முழுதாக மூழ்கிய பந்திலும் 175 கிராம்தான் மிஞ்சுகிறது. வாஷருக்குக் கிடைப்பது 2.1 கிலோ. மாலைக்குப் போதும், நள்ளிரவுக்குச் சற்றே போதாது. கம்பியை வளைத்தபோது நான்கு நாள் தாங்கியதன் காரணமும் விளங்கியது: பந்து தாழ்ந்து நின்றதால், நீர் வழிகுழாயை எட்டுமுன் முழுவதும் மூழ்க முடிந்தது. பந்துக்குள் மேலும் நீர் புகுந்ததும் அந்த ஆதாயம் தீர்ந்தது.

அந்தப் பந்தின் மேல், இரண்டாண்டுக்கு முன் சம்பு மூடிக்குப் பெயின்ட் அடித்தபோது சிந்திய பச்சைக் கறை அப்படியே இருந்தது. பில்லில் "முழு செட்" என்று எழுதியிருந்தாலும், மாறியது பித்தளைப் பகுதி மட்டுமே. புதுப் பந்து எங்கே போனது என்று தொலைபேசியில் கேட்டேன். "வந்து பாக்கறேன் சார்" என்றவர் அதன்பின் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் தொட்டி வழிந்தால், பிளம்பரை அழைக்குமுன், வழியும் நேரத்திலேயே பந்தைக் கையால் மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். நீர் நின்றால் வாஷரும் குழாய் வாயும் நன்றாக இருக்கின்றன, பந்தையோ கம்பியின் வளைவையோ பார்க்க வேண்டும். தூக்கியும் சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கலாம், அல்லது குழாய் வாயில் மணல் சிக்கியிருக்கலாம். மூன்று முறை வந்தவர் ஒருமுறைகூட இதைச் செய்யவில்லை. செட் மாற்றச் சொன்னால் கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும், பந்து உட்பட, கையில் வாங்கிக்கொண்டபின் பணம் கொடுங்கள். நான் ஹார்டுவேர் கடையில் வாங்கிய புதுப் பந்தின் விலை 140 ரூபாய். மாட்டி மூன்று வாரமாகிறது. வாசல் காய்ந்தே இருக்கிறது.