வாய்ஸ் மெசேஜில் வந்த பாட்டும் பாட்டு கண்டுபிடிக்கும் ஆப்பும்

பாட்டு கண்டுபிடிக்கும் ஆப் வாட்ஸப் வாய்ஸ் மெசேஜுக்கும் வேலை செய்யுமா, காசு கட்டி வாங்கலாமா என்று முத்தியால்பேட்டை நண்பர் கேட்டிருக்கிறார். கடையில் ஓடும் பாட்டுக்கு அது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். குழுவில் கைமாறி வரும் கரகர துணுக்குகளோடு பல வருடமாக மல்லுக்கட்டுகிறவன் நான். என் தீராத எரிச்சல் ஒன்றுதான். "பாட்டு கிடைக்கவில்லை" என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. மேலே யாரோ பேசினாலும், பாட்டு வேகமாக ஓடினாலும், பாட்டே அதன் பட்டியலில் இல்லாவிட்டாலும் ஒரே பதில்.

எல்லோரும் பழி போடுவது ஃபைலைச் சுருக்கியதன் மேல். அது நியாயம் இல்லை. இந்த வகையில் ஒன்றான ஷாசாம் 2002-இல் பிரிட்டனில் வந்தபோது, 2580 என்ற எண்ணுக்கு போன் போட்டு, ஓடும் பாட்டுக்கு நேராகக் கைபேசியைப் பிடிக்க வேண்டும். பெயர் எஸ்எம்எஸ்ஸில் வரும். அந்தக் கால செல்போன் அழைப்பின் ஒலி இன்றைய வாய்ஸ் மெசேஜை விட மோசம். எந்த நொடியில் எந்த ஒலி ஓங்கி நிற்கிறது, அடுத்தது எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்ற புள்ளிகளை மட்டும்தான் ஆப் ஒப்பிடுகிறது. சுருக்கும்போது மெல்லிய ஒலிகள் போகும், ஓங்கிய புள்ளிகள் பெரும்பாலும் நிற்கும். ஃபார்வர்டு செய்வதாலும் கெடுவதில்லை, அதே ஃபைல்தான் போகிறது.

கெடுப்பது இரண்டு. ஒன்று, ஒருவர் ஸ்பீக்கரில் போட, இன்னொருவர் அதைப் புதிதாகப் பதிவு செய்து அனுப்புவது. அப்போது கைபேசியின் இரைச்சல் நீக்கும் வேலை மறுபடி நடக்கிறது. அதற்குப் பேச்சுதான் முக்கியம், பின்னால் நீளமாக ஒலிக்கும் வயலினும் நாதஸ்வரமும் இரைச்சல். பேச்சு வரும்போது இசை எழும்பி, பேச்சு நின்றதும் இசையும் விழுங்கப்பட்டால் இதுதான் காரணம். முதலில் பதிவு செய்தவரிடம் கேட்டு மூல ஃபைலை வாங்குவதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது, வேகம். எங்கள் பள்ளி நண்பர்கள் குழுவில், மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் எடுத்த துணுக்கு வந்தது. "மாப்ள, இது என்ன படம்டா?" என்ற குரல், அப்புறம் பழைய கேசட்டின் பாட்டு. மூல ஃபைலையே வாங்கியும் ஆப் கையை விரித்தது. அக்கா மகளின் கீபோர்டில் அந்த மெட்டை வாசித்துப் பார்க்கச் சொன்னேன். எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை, இரண்டு கட்டைகளுக்கு நட்டநடுவில் நின்றது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையே ஒலியின் அதிர்வெண் சுமார் 6 சதவீதம் மாறும். நடுவில் நிற்கிறது என்றால் பாட்டு சுமார் 3 சதவீதம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறது. பாடுகிறவரின் குரல் சற்றுச் சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது, அதனால் வேகம்தான்.

ஃபைலை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, பேச்சை வெட்டிவிட்டு, Change Speed and Pitch-இல் -3 சதவீதம் கொடுத்தேன். பழைய பதிப்புகளில் அது Change Speed என்று இருக்கும். லேப்டாப்பில் ஓடவிட்டு கைபேசியைப் பக்கத்தில் வைத்ததும் படத்தின் பெயரோடு வந்துவிட்டது! வாட்ஸப்பிலோ வீடியோ பிளேயரிலோ வேகத்தை மட்டும் மாற்றுவது உதவாது. அவை சுருதியை அப்படியே வைத்துக்கொள்கின்றன. நமக்கு வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டும்.

இப்படியும் கிடைக்காத துணுக்குகள் உண்டு. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் பேண்டு செட் வாசிக்கும் சினிமாப் பாட்டை இந்த ஆப்களால் பிடிக்க முடியாது. ஸ்டுடியோ பதிவின் புள்ளிகள் வேறு, இன்று வாசிப்பவரின் புள்ளிகள் வேறு. அங்கே மெட்டை ஒப்பிடும் தேடல்தான் வேண்டும். 2020-இல் கூகுள் கொண்டுவந்த, முணுமுணுத்துத் தேடும் வசதி அந்த வகை. வாயாலேயே மெட்டை 10, 15 வினாடி பாடிக் காட்டுங்கள், துணுக்கைப் போடாதீர்கள்.

மூல ஃபைல் கிடைத்து, வேகமும் சரியாக இருந்தால் இந்த ஆப்பைப் போல நம்பகமானது வேறு கிடையாது. டீக்கடை ஸ்பீக்கரிலிருந்து எடுத்த துணுக்கைக்கூடப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் நண்பருக்கு என் பதில், காசு கட்டி வாங்காதீர்கள். பாட்டு வேகமாக ஓடுகிறதா என்று அதுவே சோதித்துப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த வேலைக்கு என் அக்கா மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றால், காசு வாங்கும் தகுதி அதற்கு இன்னும் வரவில்லை.