பார்வர்ட் புக் பண்ணும் முன் வங்கியிடம் ரேட்டைப் பிரித்துக் கேளுங்கள்

இறக்குமதி செய்து டாலரில் பணம் கட்டுகிற சிறு வியாபாரிகளுக்காக இதை எழுதுகிறேன். திருப்பூரில் பின்னலாடை மெஷின்களுக்கான உதிரிபாகங்களைச் சீனாவிலிருந்து வரவழைத்து விற்கிறோம். 2025 பிப்ரவரியில் டாலர் 88 ரூபாயைத் தொடப் பார்த்ததே, அந்த நேரத்தில் மே கடைசியில் 50,000 டாலர் கட்ட வேண்டிய ஒரு ஆர்டர் கையில் இருந்தது. வங்கி மேனேஜர் தினமும் போன். "சார், 90 போயிடும், இப்பவே பார்வர்ட் போட்டுடுங்க" என்று.

பார்வர்ட் என்பது ரொம்ப எளிமையான விஷயம்தான். மூன்று மாதம் கழித்து இத்தனை டாலரை இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று இன்றைக்கே வங்கியோடு ஒப்பந்தம் போடுகிறோம். அன்றைக்கு டாலர் எங்கே போயிருந்தாலும் நமக்கு அதே விலை. சரக்குக்கு விலை வைக்கும்போதே அடக்கம் என்னவென்று தெரிந்துவிடும், அதற்குத்தான் இது. லாபம் பார்க்க அல்ல. மே மாதத்தில் டாலர் 85 பக்கம் இறங்கிவிட்டது, அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை, ஏறியிருந்தால் தப்பித்திருப்பேன்.

என் புகார் ரேட் போட்ட விதத்தில். பார்வர்ட் ரேட்டில் மூன்று துண்டு உண்டு. அன்றைய ஸ்பாட் விலை, அதன்மேல் பிரீமியம், அதற்கும் மேல் வங்கியின் மார்ஜின். பிரீமியம் ஏன் என்றால், நம் ஊர் வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகம், அந்த வித்தியாசம்தான் கிட்டத்தட்ட பிரீமியமாக வரும். அப்போது வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல், ஆக மூன்று மாதத்துக்கு சுமார் 50 பைசா. இதை யாரும் யூகிக்க வேண்டியதில்லை, ஸ்பாட் ரெஃபரன்ஸ் ரேட்டையும் பார்வர்ட் பிரீமியத்தையும் சந்தைக்கான அடிப்படை ரேட்டுகளைக் கணக்கிடும் எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் வெளியிடுகிறது.

புக் பண்ணின அன்று ஸ்பாட் 87.40. பிரீமியம் 50 பைசா சேர்த்தால் 87.90. வங்கி 10 பைசா எடுத்துக்கொள்ளட்டும், 88.00. எனக்குப் போட்டது 88.55. ஏன் என்று கேட்டதற்கு "இப்ப பிரீமியம் ஏறிப்போச்சு சார்" என்றார்கள். பிரீமியம் அப்படி ஏறவே இல்லை. மிச்ச 55 பைசாவும் மார்ஜின், 50,000 டாலருக்கு 27,500 ரூபாய். தனிக் கட்டணமாக எங்கேயும் காட்டியிருக்காது, ரேட்டுக்குள்ளேயே கரைந்திருக்கும். கட்டணம் இல்லை என்று சொல்லித்தான் விற்றார்கள் என்பது தனிக் கதை!

அப்புறம் கப்பல் தாமதமானது. சப்ளையருக்குப் பணம் ஜூன் கடைசியில் போனால் போதும் என்றாகிவிட்டது. பார்வர்டை அப்படியே தள்ளிவைக்க முடியாது, பழையதை கேன்சல் செய்து புதிதாக புக் பண்ண வேண்டும். கேன்சல் என்றால் நாம் 88.55க்கு ஒப்புக்கொண்ட டாலரை வங்கி அன்றைய விலைக்கு நம்மிடமிருந்து திரும்ப வாங்குவதாகக் கணக்கு. அன்று சந்தை 85.50. வித்தியாசம் 3.05, அதாவது 1,52,500 ரூபாய் கட்ட வேண்டியது நியாயம், புதிய பார்வர்ட் அந்த அளவுக்கு மலிவாகக் கிடைப்பதால் அது பெரும்பாலும் ஈடாகிவிடும். ஆனால் அவர்கள் கேன்சல் செய்தது 85.05க்கு. இன்னொரு 22,500 போச்சு. அது போதாதென்று புதிய புக்கிங்கிலும் பழைய மாதிரியே தடித்த மார்ஜின்.

இதில் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. சரக்கு வரும் தேதி உறுதியில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரே தேதிக்குப் பதிலாக ஒரு மாதம் வரை இடைவெளி வைத்து, அதற்குள் எந்த நாளிலும் டாலர் எடுத்துக்கொள்கிற மாதிரி பார்வர்ட் போடலாம். இடைவெளியின் கடைசி நாள் வரைக்கும் பிரீமியம் பிடிப்பார்கள், என் கணக்கில் கூடுதலாக 15 பைசா போல ஆகியிருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் ரேட் சொல்லும்போதே ஸ்பாட் எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு, மார்ஜின் எவ்வளவு என்று தனித்தனியாக மெயிலில் வாங்குங்கள், போனில் சொல்வது வேண்டாம். ஸ்பாட் நிமிடத்துக்கு நிமிடம் ஓடும், ஆகவே மார்ஜினை மட்டும் "சந்தை ரேட்டுக்கு மேல் இத்தனை பைசா" என்று முன்கூட்டியே பேசி எழுத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கேன்சலுக்கும் எத்தனை பைசா என்று அதே மெயிலில் இருக்கட்டும், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. பிரித்துச் சொல்ல மாட்டேன் என்கிற வங்கியில் புக் பண்ணாதீர்கள்.

எழுத்தில் புகார் கொடுத்தபின் கேன்சல் ரேட் வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். புக்கிங் ரேட்டுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அதில் ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. இப்போது அடுத்த ஆர்டருக்கு வேறொரு வங்கியில் பேசியிருக்கிறேன், எட்டு பைசா மார்ஜினுக்கு ஒத்துக்கொண்டார்கள்.