மேனேஜ்மென்ட் சீட்டா, கவுன்சிலிங்கா, பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷமா: களக்காட்டுப் பையன் ஒருத்தன் கணக்கு

அடுத்த வாரம் களக்காடு பக்கம் ஒரு ஸ்கூல்ல பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பேசணும், ஹெட்மாஸ்டர் நாப்பது நிமிஷம் தந்திருக்காவ. நூறு கோர்ஸ் பேர வாசிச்சா ஒருத்தனுக்கும் மண்டையில நிக்காது. அதனால ஒரு பையனோட மார்க்க போர்டுல எழுதிப் போட்டு, அவன் முன்னால இருக்க வழிகள மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கப் போறேன். போன வருஷம் என்கிட்ட வந்த பையன்தான், பேரு வேண்டாம். அப்பா வாழைத்தார் லோடு ஏத்துதாரு, வீட்டுல இதுவரைக்கும் யாரும் காலேஜ் வாசல் மிதிச்சதில்ல.

அவன் மார்க் கணக்கு 62, பிசிக்ஸ் 71, கெமிஸ்ட்ரி 68. வீட்டுல எல்லாரும் அறுநூறுக்கு எவ்வளவுன்னுதான் பேசிட்டு இருந்தாவ, தமிழ்ல நல்ல மார்க்குன்னு அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு தமிழும் இங்கிலீசும் கணக்குலயே வராது. கணக்கு மார்க்க அப்படியே எடுத்துக்கணும், பிசிக்ஸ்லயும் கெமிஸ்ட்ரிலயும் பாதி பாதி. 62, கூட 35.5, கூட 34, ஆக 200-க்கு 131.5, இதுதான் அவன் கட்ஆஃப். இத போர்டுல போட்டுக் காட்டுனதும் பிள்ளைகள் தானா பேனாவ எடுத்து அவுக மார்க்கப் போட ஆரம்பிச்சிரும், அங்க அஞ்சு நிமிஷம் விட்டுரணும்.

இந்தப் பையன் வீட்டுக்கு ரிசல்ட் வந்த மூணாவது நாளே ஒரு ப்ரோக்கர் வந்துட்டாரு. இந்த கட்ஆஃபுக்கு கவுன்சிலிங்ல ஒண்ணும் கெடைக்காது, இப்பவே அட்வான்ஸ் கட்டி ஒரிஜினல் சர்டிபிகேட்டக் குடுத்துட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு உறுதின்னுட்டாரு, வீட்டுலயும் நம்பிக் குடுத்துட்டாவ. அவரு சொன்னதுலயே ரெண்டு பொய் இருக்கு. ரேங்க் பிரகாரம் ரவுண்டு ரவுண்டா சீட்டு குடுத்து முடிச்சு, துணைக் கவுன்சிலிங்கும் நடத்தி, அதுக்கப்புறமும் வருஷா வருஷம் தனியார் காலேஜ்கள்ல சீட்டு காலியாத்தான் கெடக்கு. 131-க்கு பேர்பெத்த காலேஜ் கெடைக்காம போகலாம், சீட்டே கெடைக்காதுங்கது உண்மையில்ல. ஒரிஜினல வாங்கி வச்சுக்கிடவும் காலேஜுக்கு அதிகாரம் கெடையாது, பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துரணும்.

ஒரே காலேஜ், ஒரே பெஞ்சுன்னாலும் மேனேஜ்மென்ட்ல வந்தவனும் கவுன்சிலிங்ல வந்தவனும் ஒண்ணில்ல. குடும்பத்துல மொதப் பட்டதாரிக்கு வர்ற ஃபீஸ் சலுகை கவுன்சிலிங்ல போனவனுக்குத்தான், மேனேஜ்மென்ட்ல சேந்தா அது போச்சு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான், அதுல சீட்டு கெடைச்சா படிப்பு ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டிரும்.

இங்கதான் நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, பேச்சுல இதுக்கு நல்லா நேரம் ஒதுக்கப் போறேன். அந்த 7.5-க்கு ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சிருக்கணும். திருநெல்வேலிச் சீமையில மிஷன் ஸ்கூல், அரசு உதவி வாங்குத தனியார் எய்டட் ஸ்கூல் தெருவுக்குத் தெரு, அங்க ஃபீஸும் கெடையாது, புஸ்தகம் சைக்கிள் எல்லாம் அரசாங்கம்தான் குடுக்கு, அதனால ஜனங்க அதையும் கவர்மென்ட் ஸ்கூல்னுதான் நெனைச்சுட்டு இருக்காவ. ஆனா 7.5-க்கு எய்டட் ஸ்கூல் செல்லாது. இந்தப் பையன் எட்டாவது வரைக்கும் எய்டட், ஒம்பதுல இருந்துதான் அரசுப் பள்ளி. அந்த மூணு வருஷத்தால அவனுக்கு அது கெடைக்கல. அவுக அம்மா கண்ணுல தண்ணி வந்துட்டு, எனக்கே மனசு கேக்கல. மாசம் ஆயிரம் ரூவா தர்ற தமிழ்ப் புதல்வன், புதுமைப்பெண் திட்டங்கள் மட்டும் எய்டட்ல தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு, அது டிகிரிக்கு மட்டுமில்ல டிப்ளமோவுக்கும் ஐடிஐக்கும் கெடைக்கும்.

அப்ப அவனுக்கு ரெண்டு வழிதான் நெசமா மிஞ்சிச்சு. ஒண்ணு கவுன்சிலிங்ல ஏதாவது தனியார் காலேஜ்ல நாலு வருஷம் பி.ஈ., சலுகை போக மிச்ச ஃபீஸும் பஸ் ஃபீஸும் கைக்காசு. இன்னொண்ணு பாலிடெக்னிக். பாலிடெக்னிக்னா பத்தாவது முடிச்சவன் போறதுன்னுதான் இங்க பேச்சு, ஆனா பிளஸ் டூல கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எடுத்தவன் நேரா ரெண்டாம் வருஷத்துல சேந்துரலாம், ரெண்டே வருஷத்துல டிப்ளமோ. அரசு பாலிடெக்னிக்லயும், சங்கர்நகர் சங்கர் பாலிடெக்னிக் மாதிரி எய்டட்ல எய்டட் பிரிவு சீட்டுலயும் ஃபீஸ் கம்மிதான். டிப்ளமோ முடிச்சு பி.ஈ. ரெண்டாம் வருஷத்துல சேந்தா இன்னும் மூணு வருஷம். நேரா பி.ஈ. போனவன் 21 வயசுல முடிப்பான், இவன் 22-ல முடிப்பான், ஒரு வருஷம் கூடுது, ஆனா கையில ரெண்டு சர்டிபிகேட், நடுவுல வீட்டு நெலம சரியில்லன்னா டிப்ளமோவோட நிறுத்திட்டு வேலைக்கும் போயிரலாம். பி.ஈ.ய ரெண்டாம் வருஷத்துல விட்டவன் கையில பிளஸ் டூ மட்டும்தான் இருக்கும்.

பி.ஈ. பெருசு, அதுக்குள்ள டிப்ளமோ, ஐடிஐ எல்லாம் அடங்கிரும்னு ஒரு நெனப்பு இருக்கு. அது தப்பு. நம்ம மகேந்திரகிரி இஸ்ரோவையே எடுத்துக்கோங்க, டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலைக்கு அவுக கேக்கது ஃபர்ஸ்ட் கிளாஸ் டிப்ளமோ, டெக்னீசியனுக்குப் பத்தாவதும் ஐடிஐயும். வெறும் பி.ஈ. வச்சிருக்கவன் இந்த ரெண்டுக்கும் அதக் காட்ட முடியாது. கூடங்குளம் இன்னும் ஆச்சரியம், அங்க டெக்னீசியன் ட்ரெய்னி ஆப்பரேட்டருக்கு பிளஸ் டூல கணக்கு பிசிக்ஸ் கெமிஸ்ட்ரியோட 50 சதவீதம் போதும், 24 வயசுக்குள்ள இருக்கணும், உயரம் 160 சென்டிமீட்டர், எடை 45.5 கிலோ இருக்கணும். இந்தப் பையனுக்கு 67 சதவீதம், பதினெட்டு முடிஞ்சா போதும், அறிவிப்பு வரும்போதெல்லாம் எழுதலாம். போட்டி கடுமை, இத நம்பி படிப்ப விட்டுரக் கூடாது, படிச்சுக்கிட்டே எழுதணும்.

பாலிடெக்னிக் வழியில அடி வாங்குத எடமும் இருக்கு, அத மறைச்சுப் பேசுனா பாவம். மொத வருஷத்துல சொல்லிக் குடுக்குத டிராயிங், ரெண்டாம் வருஷத்துல நேரா நொழையுதவனுக்குத் தெரியாது. மெக்கானிக்கல்னா மெஷின் டிராயிங் வரும், ஒரு பொருள முன்னால, மேல, பக்கவாட்டுல இருந்து பாத்து மூணு படமா பிரிச்சுப் போடத் தெரியலன்னா மொத மாசத்துலயே முழிப்பான். சேர முன்னால மே, ஜூன்லயே மொத வருஷ டிராயிங் புஸ்தகத்த சீனியர்கிட்ட வாங்கி தெனம் ரெண்டு படம் போட்டாப் போதும். பி.ஈ.க்குப் போகும்போது இதே கதைதான் கணக்குல, மொத வருஷக் கணக்கு படிக்காமலே மூணாவது செமஸ்டர் கணக்குல போய் உக்காரணும், அரியர் விழுறது அங்கதான்.

பி.ஈ.தான்னு நிக்குத பிள்ளைகளுக்கு ஒரு வேலை குடுப்பேன். அண்ணா யுனிவர்சிட்டி இணைப்புக் காலேஜ்களோட பாஸ் பெர்சன்டேஜ செமஸ்டருக்கு செமஸ்டர் வெளியிடுது, ப்ளெக்ஸ் போர்டப் பாக்காம அதப் பாருங்க. காலேஜ் பஸ் நிக்குத எடத்துல மூணாம் வருஷ அண்ணன்கிட்ட, ஒங்க க்ளாஸ்ல எத்தன பேருக்கு அரியர் இல்லன்னு கேளுங்க. யோசிக்காம பதில் வந்தா ஒண்ணு, பேச்ச மாத்துனா ஒண்ணு.

அந்தப் பையன் சங்கர்நகர் பக்கம் போகல, திருநெல்வேலி வந்து பஸ் மாறணும், தூரம்னு அப்பா தயங்குனாரு. வள்ளியூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம் சேந்தான். டிராயிங்ல மொத டெஸ்ட்டு 22 மார்க், இப்ப பரவால்லங்கான். ப்ரோக்கர்கிட்ட குடுத்த அட்வான்ஸ் இன்னும் முழுசா வரல, சர்டிபிகேட்ட மட்டும் ரெண்டு தடவ நேர்ல போய் நின்னு வாங்கிட்டு வந்தாவ.